நூறுக்கும் எழுபதுக்கும் நடுவில்

புத்தகம் படிக்கிறவனுக்குக் கணக்கும் வரும் என்று நம்புகிற தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். றொசல்ல ஸ்டேசனில் பிந்திப் போய் ரயிலைத் தவறவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும்போது தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்வேன். பாதி நாள் படிக்கவும் மாட்டேன். அந்தத் தோற்றத்தை வைத்தே என்னை ஓய்வுநிதிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அந்த நிதி அரசாங்கத்தினுடையது அல்ல. அட்டன் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றின் உத்தியோகத்தர்கள், அதாவது கிளாக்கர்மார், மலையில் வேலை வாங்கும் கண்டாக்குமார், பெக்டரியில் தேயிலைத் தூள் போடும் டீமேக்கர்மார், மருந்து கொடுக்கிறவர்கள், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களாகவே சேர்த்த பணம். எங்களுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் எளியது. தோட்டத்து உத்தியோகத்தன் குடியிருக்கும் குவாட்டர்ஸ் கம்பனியுடையது. ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் வாடகையில்லாமல் வாழ்ந்தவனுக்கு அறுபது வயதில்தான் தனக்கு வீடில்லை என்பது தெரியவரும்.

நிதிக்கு மூன்று பொறுப்பாளர்கள். ஒருவன் நான். இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர். மூன்றாமவர் ஒரு பழைய பெரிய கிளாக்கர். நான் சொல்லப்போகிற காலம் முழுவதும் அவர் திருச்சியில் மகள் வீட்டில் இருந்தார், ஆகவே இந்தக் கதையில் அவருக்குப் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை. எது செய்வதானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். அதனால் எல்லாவற்றிலும் என் கையெழுத்தும் டீமேக்கருடையதும் அக்கம்பக்கமாக இருந்தன. என்னுடையது கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவருடையது அச்சடித்தது மாதிரி.

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு முதலீட்டு ஆலோசகர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர், கழுத்தில் டை. அட்டன் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து ஒரு திட்டத்தைக் காட்டினார். ஓய்வு பெறுகிற நாளில் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தொகையை முதலில் நிச்சயித்துக்கொள்வது. இன்றைய தேதிக்கு அதன் பெறுமதிதான் அடிமட்டம். வட்டி ஏற ஏற அதுவும் மெல்ல ஏறும். கையிலிருக்கும் பணத்தில் அடிமட்டத்துக்கு மேலே உள்ளது மேல்மிச்சம். அந்த மேல்மிச்சத்தை ஓர் எண்ணால் பெருக்கி, வருகிற தொகையை மட்டும் பங்குச் சந்தையில் போடுவது. மீதி முழுவதும் திறைசேரி உண்டியலில், அதாவது அரசாங்கம் வட்டிக்கு வாங்கும் கடன் சீட்டில், பத்திரமாகக் கிடக்கும்.

கையில் நூறு ரூபாய், அடிமட்டம் எண்பது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மேல்மிச்சம் இருபது. மூன்றால் பெருக்கினால் அறுபது பங்கில், நாற்பது உண்டியலில். பங்கு பத்து வீதம் இறங்கினால் ஆறு ரூபாய் போகும். மேல்மிச்சம் பதினாலாகிவிடும். அதன் மும்மடங்கு நாற்பத்திரண்டு. கையில் ஐம்பத்துநாலு ரூபாய்ப் பங்கு இருக்கிறதே, அதில் பன்னிரண்டை விற்று உண்டியலுக்கு மாற்ற வேண்டும். இன்னும் இறங்கினால் இன்னும் விற்க வேண்டும். இப்படி இறங்க இறங்க விற்றுக்கொண்டே வந்தால், அடிமட்டத்தைத் தொடுவதற்குள் கையில் பங்கே இருக்காது. ஏறினால் இதற்கு நேர்மாறு. மேல்மிச்சம் பெருகும், பங்கும் பெருகும்.

மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கொஞ்சம் முன்கூட்டியே ஆட்டினேன், செயலாளர் ஆயிற்றே. அவர் கொடுத்த தாள்களில் ஒரு வரி இருந்தது: விலை இடையறாது நகரும் என்று கொண்டு. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழியைத் தாண்டிப் போவது போல நான் அதைத் தாண்டிப் போனேன்.

எந்தப் பங்கை வாங்குவது என்பதில் எங்களுக்குள் விவாதமே இருக்கவில்லை. தேயிலைக் கம்பனிகளின் பங்குகள். ஆலோசகர் வங்கி, ஹோட்டல் என்று பலவும் சொல்லிப் பார்த்தார். தெரியாத சரக்கில் எதற்குக் கை வைப்பது என்று எல்லோருமாக மறுத்துவிட்டோம். அந்தப் பங்குகளில் நாளொன்றுக்கு நடக்கிற வியாபாரம் எங்கள் தோட்டத்துக் கடையில் நடப்பதைவிடக் குறைவு என்று அவர் சொன்னதையும் ஒரு பெருமையாகவே எடுத்துக்கொண்டோம். தேயிலைக்காரன் பங்கை அவசரப்பட்டு விற்கமாட்டான் என்று யாரோ விளக்கமும் கொடுத்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. கொழும்பிலிருந்து பேக்ஸ் வரும், இத்தனை விற்க, இத்தனை வாங்க என்று. நானும் டீமேக்கரும் அட்டனில் கம்யூனிகேசன் கடைக்குப் போய்க் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புவோம். பிறகு எதிரே பிளேன்டீ குடிப்போம். ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்த உயரத்துத் தேயிலை, எந்தக் கட்டத்தில் கெட்டது என்று அவர் தீர்ப்புச் சொல்வார். கடைக்காரர் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சந்தை ஏறியது. மூன்று வருடம் நல்ல ஏற்றம். பொதுக்கூட்டத்தில் பெருக்கும் எண்ணை மூன்றிலிருந்து ஐந்தாக்க வேண்டும் என்று டீமேக்கர் எழுந்தார். ஐந்து என்றால் அதிகப் பங்கு, அதிக லாபம். இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கண்டாக்கு கேட்டார். டீமேக்கர் தன் தொழிலிலிருந்தே பதில் சொன்னார். தூளைக் காயவைக்கிற ட்ரையரில் சூடு விழுந்தால் ஒரேயடியாக விழாது, டிகிரி டிகிரியாக விழும். பார்த்துக்கொண்டிருக்கிறவன் அதற்குள் அடுப்பைக் கவனித்துவிடலாம்.

"ஒருத்தன் முழிச்சிக்கிட்டு இருந்தா போதுங்க," என்றார். "நான் முழிச்சிக்கிட்டு இருப்பேன்."

முப்பது வருடம் ஒரு பிடி தூளைக்கூடக் கருக விடாத மனிதர் அப்படிச் சொல்லும்போது யார் மறுப்பது? எல்லாக் கைகளும் மேலே போயின. என்னுடையதும்.

அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ராகலையில் ஒரு வீடு பார்த்திருந்தார்கள். ஒரு சிங்கள போஸ்ட்மாஸ்டர் மாத்தயாவுடைய சிறிய வீடு. பின்னால் லீக்ஸும் கரட்டும் போடுகிற அளவுக்கு நிலம். உண்மையில் வீட்டைப் பார்த்தது அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெக்டரிக்குக் கீழே இருந்த குவாட்டர்ஸிலேயே அவர் காலம் போயிற்று. அங்கே பேசுவதென்றால் மெஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும். துணி காயப்போட்டால் தேயிலைத் தூசி. ராகலை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, அங்க கொசு பறந்தாலும் கேக்குது."

முற்பணம் கொடுத்தாயிற்று. மீதித் தொகை எதிலிருந்து வரும் என்பதில் சந்தேகமே இல்லை. நிதியின் அடிமட்டத்தில் டீமேக்கருடைய பங்கும் வீட்டின் மீதி விலையும் ஏறக்குறைய ஒன்று. மேலே கிடைப்பதெல்லாம் லீக்ஸ் விதைக்கு என்று சிரித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் நிதியில் மொத்தம் நூற்றிருபது லட்சம் இருந்தது. அடிமட்டம் நூறு லட்சத்துக்கு ஏறியிருந்தது. மேல்மிச்சம் இருபது, ஐந்தால் பெருக்கினால் நூறு. ஆக நூறு லட்சம் பங்கில், வெறும் இருபது லட்சம் உண்டியலில்.

ஒரு மாலை, சந்தை மூடி வெகுநேரம் கழித்து, கொழும்பில் அரசியல் குழப்பம் என்று ரேடியோ சொன்னது. மறுநாள் காலை சந்தை திறக்கும் முன்பே ஆலோசகர் போன் பண்ணினார். விற்கச் சொல்லிக் கையெழுத்து உடனே வேண்டும். நான் பெக்டரிக்கு போன் போட்டேன். கொழுந்து குவிகிற பருவம். உருட்டிப் பரப்பிய இலை பதத்துக்கு வந்துவிட்டது, தூளை ட்ரையரில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார் டீமேக்கர். பதம் தவறினால் அத்தனையும் புளித்துப் போகும். நான் அட்டனுக்குப் போய்க் கம்யூனிகேசன் கடையில் காத்திருந்தேன். தேயிலை லொறியில் தொற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது சந்தை திறந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. புருவமெல்லாம் தேயிலைத் தூசி. கையெழுத்திட்டார். அப்போதும் அச்சடித்தது மாதிரியே இருந்தது.

பேக்ஸை அனுப்பிவிட்டு ஆலோசகரிடம் பேசினேன். அவர் குரலில் டை அவிழ்ந்திருந்தது.

"விலையே இல்லையண்ணை," என்றார். "நேற்று மூடேக்க நூறு. இண்டைக்கு முதல் வியாபாரமே எழுபது. நடுவில ஒருத்தரும் வாங்கேல்ல, விற்கவும் ஏலாது. இப்பவும் அந்த எழுபதிலதான் நிக்குது."

எழுபதில் விற்றோம். பங்கில் எழுபது லட்சம், உண்டியலில் இருபது. மொத்தம் தொண்ணூறு. அடிமட்டம் நூறு. இதற்குக் கீழே போகாது என்று வெள்ளைத் துணியில் பார்த்த கோடு எங்கள் தலைக்கு மேலே பத்து லட்சம் உயரத்தில் இருந்தது.

திட்டத்தின் விதி அதன் பிறகும் ஒழுங்காக வேலை செய்தது; அதுதான் கொடுமை. மேல்மிச்சம் இல்லாவிட்டால் எதை ஐந்தால் பெருக்குவது? எல்லாப் பணமும் உண்டியலுக்குப் போயிற்று. இனிச் சந்தை வானத்துக்கே ஏறினாலும் எங்களிடம் ஒரு பங்கும் இல்லை. உண்டியலும் அடிமட்டமும் ஒரே வட்டியில் ஏறுவதால், பத்தில் ஒரு பங்கு குறை அப்படியே நிரந்தரமாகிவிட்டது. ஈடு செய்ய யாரும் பொறுப்பு இல்லை. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தேன். இது ஒரு முறை, உத்தரவாதம் அல்ல என்று அதிலும் ஒரு வரி இருந்தது. நான் தாண்டிப் போன வரிகளையெல்லாம் சேர்த்தால் ஒரு புத்தகமே வரும்.

கூட்டத்தில் யாரும் பெருக்கும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் விளங்கியது கையெழுத்து பிந்தியது மட்டும்தான். பின்வரிசையிலிருந்து ஒரு கண்டாக்கு சொன்னார்: "தூளக் காப்பாத்திட்டாரு. நம்ம பணந்தான் கருகிப் போச்சு." டீமேக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் அவரோடு இன்னும் மூன்று பேர் ஓய்வு பெற இருந்தார்கள். தன் பங்கிலிருந்து அந்த மூவரின் குறையையும் கொடுத்துவிட அவர் யோசிப்பதாக அக்கா சொல்லியனுப்பினார். அவர் பங்கிலும் பத்தில் ஒன்று போய்விட்டது; வளையலை அடகு வைத்தால் அதைச் சமாளித்து வீட்டை வாங்கிவிடலாம். மூன்று பேரின் குறையையும் சுமந்தால் முடியாது. மறுநாள் காலை நுவரெலியாவில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவதாக இருந்தது. போஸ்ட்மாஸ்டர் மாத்தயா ஏற்கெனவே ஒரு தவணை பொறுத்துவிட்டார். வேறொருவர் கூடுதல் விலையோடு நிற்கிறார்.

கையெழுத்து பிந்தியதற்கும் நட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை விளக்கினால் வீடு பிழைக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பால் ஒரு மனிதருக்குப் பிரயோசனம் என்ற கர்வத்தோடு, பின்னேரம் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு குவாட்டர்ஸுக்குப் போனேன்.

பாதிச் சாமான்கள் சாக்கில் கட்டப்பட்டிருந்தன. அக்கா எனக்கு மாவரைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டார்.

"வாங்க தம்பி. கொஞ்சம் புத்தி சொல்லுங்க. நான் சொன்னா மெஷின் சத்தத்துல கேக்கலங்கறாரு."

மெஷின் அன்று ஓடவில்லை.

நான் நேரடியாக ஏலத்துக்கு வந்தேன். கொழும்பில் தேயிலை ஏலம் வாரத்துக்கு வாரம் நடப்பது. அவர் தூளுக்குப் போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள விலைகளில் யாராவது ஒரு கிலோ விற்றதுண்டா என்று கேட்டேன்.

"அதெப்படி விக்கிறது? நடுவுலதான் ஏலமே இல்லியே."

"பங்கும் அன்னிக்கு அப்படித்தாண்ணே. மூடறப்ப நூறு, தொறக்கறப்ப எழுபது. தொண்ணூத்தஞ்சு, தொண்ணூறு, எம்பது, எதுலயும் ஒரு வியாபாரம் கூட நடக்கல. நீங்க வாசல்லயே பேனாவோட நின்னிருந்தாலும் எழுபதுலதான் வித்திருப்போம்."

 ஏலத்தோடு வாழ்ந்த மனிதர். வாரா வாரம் விலை தாவுவதைப் பார்த்தவர். ட்ரையரின் சூட்டை வைத்துப் பங்கை அளந்தவருக்குத் தன் தேயிலையே இத்தனை வருடமாக வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. முகம் தெளிவதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்தபோது அவர் கை என் தோளைத் தொட்டுப் போனது.

"அப்ப நான் நேரத்துக்கு வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது," என்றார் டீமேக்கர்.

"ஆயிருக்காதுண்ணே."

"நடுவுல நிக்க எடமே இல்ல."

"இல்ல."

"அப்ப எத்தனை பங்கு கையில இருந்திச்சிங்கறதுதான் கணக்கு."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது தெரிந்தது.

அவர் பேனாவை எடுத்தார். சர்க்கரை மடித்து வந்த பேப்பரின் ஓரத்தில் எழுதினார். மேல்மிச்சம் இருபது. மூன்றால் பெருக்கினால் அறுபது பங்கில், அறுபது உண்டியலில். முப்பது வீதம் விழுந்தால் பதினெட்டு போகும். பங்கு நாற்பத்திரண்டு, உண்டியல் அறுபது. கூட்டினார். நூற்றிரண்டு. அடிக்கோடு போட்டார், அந்தக் கோடும் நேராக இருந்தது.

"மூணாவே விட்டிருந்தா நின்னிருக்கும்," என்றார். "ஒரே தாவுல மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்தாத்தான் மூணு ஒடையும். அஞ்சுக்கு, அஞ்சுல ஒரு பங்கு போதும்."

ஆலோசகர் வெள்ளைத் துணியில் ஒரு நாள் முழுக்கக் காட்டியும் எனக்குச் சரியாக ஏறாததை அவர் சர்க்கரைப் பேப்பரில் இரண்டு வரியில் முடித்துவிட்டார். விளக்கியது நான்தானே என்று சந்தோசப்பட வழியில்லை.

எல்லோரும்தானே கை தூக்கினோம், நானும் தூக்கினேனே என்று சொல்லிப் பார்த்தேன். பங்கைத் தேயிலையிலேயே போட்டதும் எல்லோரும் சேர்ந்துதான் என்றேன். ஆலோசகர் தடுத்திருக்க வேண்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

"தூக்குனது நீங்க எல்லாரும். தூக்க வச்சது நான்," என்றார். "லேட்டா வந்ததுக்காக வீட்டக் குடுக்கிறதா வேணாமான்னு ரெண்டு மனசா கெடந்தேன், தம்பி. இலை புளிச்சிரும், அத விட்டுட்டு எப்படி வர்றது, நம்ம மேல என்ன தப்புன்னு ஒரு மனசு சொல்லிக்கிட்டே இருந்திச்சி. நல்ல வேளை வந்தீங்க. இப்ப தெளிவா இருக்கு."

 கட்டி வைத்திருந்த சாக்கு ஒன்றை அக்கா அவிழ்த்து, உள்ளே இருந்த சட்டிகளை எடுத்து, மறுபடி அலுமாரியில் அடுக்கத் தொடங்கினார். அந்தக் குவாட்டர்ஸில் இன்னும் சில வாரமாவது இருக்க வேண்டுமே.

மூன்று பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் கருகியது பற்றிச் சொன்ன கண்டாக்கு அந்த மூவரில் ஒருவர். அவர் முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்; அவருக்கும் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. முற்பணத்தில் பாதியைப் போஸ்ட்மாஸ்டர் மாத்தயா பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிற்பாடு சந்தை எழும்பியது. எங்கள் பங்குகள் பழைய நூறையும் தாண்டின. எங்களிடம் உண்டியல் இருந்தது. ஆலோசகர் எல்லோருக்கும் வரைபடம் அனுப்பினார்; அதில் எங்கள் நிதியின் கோடு தரையில் படுத்த பிள்ளை மாதிரி கிடந்தது.

அவர்கள் தலவாக்கலையில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். முதல் சில வருடம் போய்ப் பார்ப்பேன். டீமேக்கர் எப்போதும் சந்தோசமாகவே வரவேற்பார், என் தேத்தண்ணியைக் குடித்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வார், நிதியைப் பற்றி ஒருபோதும் எடுக்கமாட்டார். ரயில் வரும்போது பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். பெட்டிகள் போய் முடியும்வரை அக்கா கையில் கரண்டியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

டீமேக்கர் இறந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனேன். மரணம் சாதாரணமானது, நெஞ்சுவலி, ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அவருடைய சட்டைகளை அக்கா மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையின் பையில் அந்தப் பேனா இருந்தது. அதை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கத் தயங்கினேன்.

"எடுத்துக்குங்க, தம்பி. உங்கள ரொம்பப் புடிக்கும் அவருக்கு. அன்னிக்கு மழையில வந்து வெளக்குனதச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. யாரும் தனக்கு அவ்வளவு பொறுமையா வெளக்கினது இல்லேம்பாரு."

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். ரயில் ஒன்று வந்தது. காத்திருந்தோம். அது போன பிறகு அவர் மறுபடி பேசினார். குரலில் கோபம் இல்லை; சட்டையின் மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னார்.

"நீங்க மறுநா வந்திருக்கலாம்."

மறுநாள் காலை நுவரெலியாவில் உறுதி எழுதி முடிந்திருக்கும். எதற்கும் பிந்தியே போகிறவன் என்று தோட்டம் முழுக்கப் பெயரெடுத்தவன் நான்.

அவர் கடைசிச் சட்டையையும் மடித்து மேலே வைத்தார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். போடுங்க அக்கா என்றேன்.